ஏழு பாலங்களும் ஒரு பெட்டிப் படமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு காகிதமும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இதில் ஒரு பழைய கணக்கின் வரலாறு இருக்கிறது. என் பழைய தவறு ஒன்றும் இருக்கிறது. தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

1986 அல்லது 87. ஏழாம் வகுப்பு. கடைசிப் பாடவேளை, வெளியே மழை, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. நேரம் போக்கக் கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்தேன். உள்ளே மூலைக்கு மூலை இரண்டு குறுக்குக் கோடுகள் போட்டேன். "கையை எடுக்காமல், போட்ட கோட்டின் மேலேயே மறுபடி போகாமல், இந்தப் பெட்டியைப் போடணும். போடுறவனுக்கு ஒரு ஹீரோ பேனா" என்றேன். ஆசிரியர் பயிற்சியில் படித்தபோது விடுதியில் ஒரு நண்பர் இந்தப் புதிரைக் காட்டிப் போட்டும் காட்டியிருந்தார். அந்த நினைவில்தான் கொடுத்தேன்.

வகுப்பு முழுதும் சிலேட்டிலும் நோட்டிலும் கிறுக்கியது. எவனுக்கும் வரவில்லை. மறுநாள் ஒரு பையன் நாலு பக்கம் நிறையப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "சார், இதைப் போட முடியாது" என்றான். நான், "உன்னால முடியலைன்னு சொல்லு. முடியாதுன்னு சொல்லாதே" என்றேன். அவன் விடவில்லை. "இல்ல சார், ஒவ்வொரு மூலையிலயும் மூணு கோடு வருது சார்..." என்று ஏதோ சொல்ல வந்தான். எதிர்த்துப் பேசுகிறான் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பாடவேளை முழுவதும் அவனை பெஞ்சு மேல் நிற்க வைத்தேன்.

போன மாதம் என் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. டிஸ்க்ரீட் மேத்ஸ் நோட்டை மேசை மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். புரட்டினேன். ஒரு பக்கத்தில் நான் அன்று கரும்பலகையில் போட்ட அதே பெட்டி. அடியில் இரண்டே வரி. ஒற்றை எண்ணிக்கையில் கோடுகள் சேரும் புள்ளிகள் ஒன்றுமே இல்லை என்றாலோ, சரியாக இரண்டு இருந்தாலோ படத்தை ஒரே இழுப்பில் போடலாம். அதற்கு மேல் இருந்தால் முடியாது. நான் பெட்டியில் எண்ணினேன். நாலு மூலை. மூலைக்கு மூன்று கோடு. நாலும் ஒற்றை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் சொல்ல வந்தது இதைத்தான். பிறகு பேத்தியிடம் கேட்டும், அவள் காலேஜ் புத்தகங்களைப் புரட்டியும், இந்த இரண்டு வரிக்குப் பின்னால் இருக்கும் கதையை ஒரு மாதமாகப் படித்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கோனிக்ஸ்பெர்க் என்று ஒரு ஊர். அன்றைய பிரஷ்ய நாட்டின் பெரிய துறைமுக நகரங்களில் ஒன்று. தத்துவ மேதை கான்ட் பிறந்ததும் வாழ்ந்ததும் இறந்ததும் அங்கேதான். ஊர் நடுவே ப்ரீகல் என்ற ஆறு ஓடுகிறது. அது கிழக்கே இரண்டு கிளையாக வந்து, க்னைப்ஹோஃப் என்ற சிறு தீவைச் சுற்றிக்கொண்டு, மேற்கே ஒன்றாகிப் போகிறது. ஆகவே ஊர் நாலு துண்டு. நடுவில் தீவு, வடகரை, தென்கரை, கிழக்கே இரண்டு கிளைகளுக்கு இடைப்பட்ட நிலம். எழுதச் சுலபமாக இருக்க இவற்றை தீ, வ, தெ, கி என்று வைத்துக்கொள்வோம்.

இந்த நாலு துண்டுகளையும் ஏழு பாலங்கள் இணைத்தன. அவற்றின் பெயர்களைத் தமிழில் சொல்கிறேன், நினைவில் நிற்கும். தீவிலிருந்து வடகரைக்குக் கடைக்காரர் பாலம், கொல்லர் பாலம் என்று இரண்டு. தீவிலிருந்து தென்கரைக்குப் பச்சைப் பாலம், குடல்கறிப் பாலம் என்று இரண்டு. (ஆமாம், குடல்கறிதான். ஜெர்மன் பெயரின் பொருள் அதுதான்.) தீவிலிருந்து கிழக்கு நிலத்துக்குத் தேன் பாலம் ஒன்று. கிழக்கு நிலத்திலிருந்து வடகரைக்கு மரப் பாலம், தென்கரைக்கு உயரப் பாலம். ஆக ஏழு. காகிதத்தில் நாலு வட்டம் போட்டு இந்த ஏழு கோடுகளையும் இழுத்துவிடுங்கள். இனி அது தேவைப்படும்.

ஊரில் ஒரு கேள்வி உலவியது. ஒரு பாலத்தையும் விடாமல், எந்தப் பாலத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல், ஏழையும் ஒரே நடையில் கடந்து வர முடியுமா? நீந்தக்கூடாது, படகு கூடாது. இதைப் பற்றி ஆய்லர் எழுதியதில் ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது. சிலர் முடியாது என்றார்களாம், சிலர் சந்தேகப்பட்டார்களாம், ஆனால் முடியும் என்று உறுதியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லையாம். ஊரே என் ஏழாம் வகுப்பு மாதிரிதான் இருந்திருக்கிறது.

லியோனார்டு ஆய்லர் 1707-ல் ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரில் பிறந்தவர். இருபது வயதில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்துக்கு வேலைக்குப் போனவர். கோனிக்ஸ்பெர்க் கேள்வி அவர் காதுக்கு எட்டியது. அருகிலிருந்த டான்சிக் நகரத்தின் மேயர் ஏலர் என்பவர், அவ்வூர்க் கணிதப் பேராசிரியர் க்யூனின் சார்பாகவும், இதைப் பற்றி ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். 1736 ஏப்ரலில் ஆய்லர் அவருக்கு எழுதிய பதில் வேடிக்கையானது. இதற்கும் கணிதத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, வெறும் யோசனையிலேயே விடை கிடைத்துவிடுகிறது, இதைக் கணிதக்காரன்தான் செய்ய வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறீர்கள் என்று அலுத்துக்கொள்கிறார். அதற்குச் சில வாரம் முன்பு, வியன்னா அரண்மனை வானியலாளர் மரினோனிக்கு எழுதிய கடிதத்தில், கேள்வி அற்பமானதுதான் ஆனாலும் வடிவியலாலோ இயற்கணிதத்தாலோ எண்ணும் கலையாலோ அதற்கு விடை காண முடியாதது தன்னை ஈர்த்தது என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். இரண்டு மனமும் அவரிடம் இருந்திருக்கின்றன.

பீட்டர்ஸ்பர்க் கழகத்தில் அவர் இதைப் படித்தது 1735 ஆகஸ்ட் 26-ல். கட்டுரை அச்சில் வந்தது 1741-ல், லத்தீன் மொழியில், 21 சிறு பத்திகளாக.

இப்போது அவர் செய்ததைப் பாருங்கள். எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கலாம் என்று முதலில் சொல்கிறார். ஆனால் அது பெரும்பாடு, பாலங்கள் கூடினால் நடக்காத காரியம் என்று ஒதுக்கிவிடுகிறார். என் மாணவன் நாலு பக்கம் நிரப்பினானே, அது இந்த வழி. நாலு பக்கம் போட்டும் வரவில்லை என்பதால் ஐந்தாம் பக்கத்தில் வராது என்று சொல்லிவிட முடியாது. அந்த மட்டில் "முடியலைன்னு சொல்லு" என்று நான் சொன்னது நியாயம்தான். ஆனால் அவன் கையில் நாலு பக்கம் மட்டும் இல்லையே, ஒரு காரணமும் இருந்தது. அதைக் கேட்காமல் விட்டதுதான் என் குற்றம்.

ஆய்லர் நடையை எழுத்துகளாக எழுதுகிறார். வடகரையில் தொடங்கித் தீவுக்குப் போய் அங்கிருந்து கிழக்கு நிலத்துக்குப் போனால், நம் எழுத்தில் 'வ தீ கி'. பாலம் இரண்டு, எழுத்து மூன்று. எப்போதும் பாலங்களைவிட எழுத்து ஒன்று கூடுதல். ஆகவே ஏழு பாலங்களையும் ஒரு முறை கடக்கும் நடை இருக்குமானால், அதை எழுத எட்டு எழுத்து வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அடுத்து, ஒவ்வொரு எழுத்தும் அந்த வரிசையில் எத்தனை முறை வந்தாக வேண்டும் என்று பார்க்கிறார். வடகரைக்கு மூன்று பாலங்கள். நீங்கள் வடகரையில் தொடங்கினால், ஒரு பாலத்தால் வெளியே போவீர்கள், ஒன்றால் திரும்பி வருவீர்கள், மூன்றாவதால் மறுபடி வெளியே போவீர்கள். 'வ' இரண்டு முறை வரும். வேறெங்கோ தொடங்கினால், ஒன்றால் உள்ளே, ஒன்றால் வெளியே, மூன்றாவதால் உள்ளே. அப்போதும் 'வ' இரண்டு முறைதான். எங்கே தொடங்கினாலும் மாறாது. மூன்று பாலம் உள்ள நிலம் இரண்டு முறை, ஐந்து பாலம் உள்ள நிலம் மூன்று முறை. ஒற்றை எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்குங்கள், அவ்வளவுதான்.

கோனிக்ஸ்பெர்க்கில் தீவுக்கு ஐந்து பாலம், மற்ற மூன்று நிலங்களுக்கும் மும்மூன்று. எனவே தீ மூன்று முறை, வ இரண்டு, தெ இரண்டு, கி இரண்டு. கூட்டினால் ஒன்பது. நமக்கு இருப்பதோ எட்டு இடம். ஒன்பது பேரை எட்டு நாற்காலியில் உட்கார வைக்க முடியாது.

கதை முடிந்தது. ஒரு வழியைக்கூட நடந்து பார்க்காமல் எல்லா வழிகளையும் ஒரே அடியில் அடைத்துவிட்டார். "யாராலும் முடியவில்லை" என்பதற்கும் "முடியாது" என்பதற்கும் நடுவே இருக்கும் தூரத்தை அந்த ஒன்பதும் எட்டும் கடந்துவிடுகின்றன. இந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். முப்பத்தைந்து வருடம் கணக்கு நடத்தியிருக்கிறேன். முடியாது என்பதை நிரூபிக்கலாம் என்று ஒரு பிள்ளைக்கும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

இந்தக் காலத்துப் புத்தகங்கள் இதையே இன்னும் சுருக்கமாகச் சொல்கின்றன. வழியில் வரும் ஒரு புள்ளிக்குள் நுழைந்தால் வெளியேறவும் வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு கோடு செலவு. எனவே நடுவில் வரும் புள்ளிகளில் கோடுகள் ஜோடி ஜோடியாகத் தீர வேண்டும். ஜோடி சேராமல் ஒன்று மிஞ்சினால், அந்தப் புள்ளி தொடக்கமாகவோ முடிவாகவோதான் இருக்க முடியும். ஒரு நடைக்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு. ஆகவே ஒற்றைப் புள்ளிகள் இரண்டுக்கு மேல் இருக்கவே கூடாது. என் பெட்டியில் நாலு. கோனிக்ஸ்பெர்க்கிலும் நாலு. பையன் சொன்ன "மூணு கோடு" இதுதான்.

"ஒரே ஒரு ஒற்றைப் புள்ளி இருந்தால்?" என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். வராது. ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு முனை. எல்லாப் புள்ளிகளிலும் சேரும் கோடுகளை எண்ணிக் கூட்டினால் ஒவ்வொரு கோடும் இரு முறை எண்ணப்படும். மொத்தம் இரட்டை எண்ணாகத்தான் வரும். ஆகவே ஒற்றைப் புள்ளிகள் எப்போதும் இரட்டைப்படையில்தான் இருக்கும். ஆய்லரே அந்தக் கட்டுரையில் இதைச் சொல்லியிருக்கிறார். நீங்கள் எண்ணும்போது ஒன்றோ மூன்றோ வந்தால், படத்தில் பிழை இல்லை, எண்ணிக்கையில்தான் பிழை. மறுபடி எண்ணுங்கள்.

இங்கே ஒரு விஷயம். ஆய்லரின் கட்டுரையில் நாம் இன்று போடும் புள்ளியும் கோடும் கொண்ட படம் இல்லை. ஆறும் தீவும் பாலமும் உள்ள ஊர்ப்படம்தான் இருக்கிறது, பிறகு எழுத்து வரிசை. கோனிக்ஸ்பெர்க்கை நாலு புள்ளியும் ஏழு கோடுமாகச் சுருக்கிய படம் ரவுஸ் பால் என்ற ஆங்கிலேயரின் கணித விளையாட்டுப் புத்தகத்தில் 1892-ல்தான் வருகிறது என்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டு கழித்து! பேத்தியின் நோட்டில் ஆய்லர் அந்தப் படத்தைப் போட்டுத் தீர்த்தார் என்று இருந்தது. பென்சிலால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவைத்தேன். பழக்கதோஷம்.

சரி, முடியாததைச் சொல்லியாயிற்று. மறுபக்கத்துக்கு வருவோம். ஒற்றைப் புள்ளி இல்லாவிட்டாலோ, இரண்டே இருந்தாலோ கட்டாயம் முடியுமா? பலர் இதை முதல் பாதியோடு சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். தடை ஒன்றும் தெரியவில்லை என்பதால் வழி இருக்கிறது என்று ஆகிவிடுமா? ரயில் டிக்கெட் கையில் இருந்தால் ரயில் வந்துவிடுமா?

ஆய்லர் ஒரு கற்பனை ஊரைப் போட்டுக் காட்டுகிறார். ஆறு நிலங்கள், பதினைந்து பாலங்கள். நிலங்களுக்கு முறையே 8, 4, 4, 3, 5, 6 பாலங்கள். ஒற்றை இரண்டே, 3-ம் 5-ம். அந்த இரண்டில் ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிக்கும் ஒரு வழியையும் எழுதிக் காட்டுகிறார். ஆனால் எல்லா ஊருக்கும் இப்படி வழி கிடைத்தே தீரும் என்பதற்கு முழு நிரூபணம் தரவில்லை. இரண்டு நிலங்களை இணைக்கும் பாலங்களை ஜோடி ஜோடியாக நீக்கிவிட்டுப் பாருங்கள், மிச்சத்தில் வழி காண்பது எளிது, இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை என்று கட்டுரையை முடித்துவிடுகிறார். அவ்வளவு பெரிய மனிதர். ஆனாலும் "இது எளிது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாத்தியார் சொல்லும் இடத்தில்தான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த ஓட்டையை அடைத்தவர் கார்ல் ஹீர்ஹோல்ட்சர் என்ற ஜெர்மானிய இளைஞர். கார்ல்ஸ்ரூ நகரில் கணிதம் கற்பித்தவர். தான் கண்டதை நண்பர்கள் சிலரிடம் வாயால் விளக்கியிருக்கிறார். எழுதி வெளியிடும் முன் 1871-ல் இறந்துபோனார். வயது முப்பத்தொன்றுகூட நிறையவில்லை. கேட்டவர்களில் வீனர் என்பவர், லூரோத் என்ற இன்னொரு கணித அறிஞரின் துணையோடு, நினைவிலிருந்து அதை எழுதி ஹீர்ஹோல்ட்சரின் பெயரிலேயே 1873-ல் வெளிவரச் செய்தார். தன் பெயரில் போட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? நண்பர் சொன்னதை நண்பர் பெயரிலேயே போட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது, ஒரு பையன் சொன்னதைக் காதில் வாங்காத நான் கொஞ்சம் கூசித்தான் போனேன்.

அவர் சொன்னது இன்றும் கம்ப்யூட்டர் வகுப்பில் நடத்தும் முறை. வெறும் வார்த்தையில் சொன்னால் நழுவிவிடும். ஒரு படத்தில் செய்து பார்ப்போம்.

என் பெட்டியின் தலையில் ஒரு கூரை போடுங்கள். வீடு மாதிரி ஆகிவிடும். கீழ் இடது மூலை 1, கீழ் வலது 2, மேல் வலது 3, மேல் இடது 4, கூரை உச்சி 5. கோடுகள் எட்டு: நாலு பக்கம், இரண்டு குறுக்கு, கூரைக்கு இரண்டு. குறுக்குக் கோடுகள் நடுவில் வெட்டும் இடத்தில் நாலு கோடு சேர்கிறது, அது இரட்டை, தொந்தரவில்லை. நேராகப் போய்விடலாம். இப்போது எண்ணுங்கள். 1-ல் மூன்று, 2-ல் மூன்று, 3-ல் நாலு, 4-ல் நாலு, 5-ல் இரண்டு. கூரை போட்டதும் மேல் மூலைகள் இரண்டும் இரட்டையாகிவிட்டன. ஒற்றை இரண்டே. கீழ் மூலை ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிக்க வேண்டும். நடுவில் எங்கே தொடங்கினாலும் வராது.

விடுதி நண்பர் எனக்குக் காட்டியது இந்த வீட்டைத்தான். நான் வகுப்பில் கூரையை மறந்துவிட்டேன். இரண்டு கோடு. அந்த இரண்டு கோட்டுக்காக ஒரு பையன் பெஞ்சு மேல் நின்றான்.

சரி, வேண்டுமென்றே அசட்டையாகப் போவோம். 1-ல் தொடங்கி 2, பிறகு 3, குறுக்காக 1, மேலே 4, குறுக்காக 2. இப்போது 2-ல் நிற்கிறோம். அங்கே சேரும் மூன்று கோடும் தீர்ந்துவிட்டன. மாட்டிக்கொண்டோம். கூரைக் கோடுகள் இரண்டும், 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட கோடும் மிச்சம்.

சாதாரணமாக நாம் என்ன செய்வோம்? அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஹீர்ஹோல்ட்சர் அழிக்க வேண்டாம் என்கிறார். நாம் எங்கே மாட்டிக்கொண்டோம் பாருங்கள், 2-ல். வேறெங்கும் மாட்டியிருக்க முடியாது. இரட்டைப் புள்ளிக்குள் நுழைந்தால் வெளியேற ஒரு கோடு இருந்தே தீரும். ஆகவே மாட்டினால் மற்ற ஒற்றைப் புள்ளியில்தான் மாட்டுவோம். அதாவது முடிய வேண்டிய இடத்தில்தான் முடிந்திருக்கிறோம். வழியில் ஒரு சுற்றை விட்டுவிட்டோம், அவ்வளவே.

விட்டுப்போன கோடுகளை மட்டும் பாருங்கள். 3, 4, 5 மூன்றிலும் இரண்டிரண்டு கோடு. எல்லாம் இரட்டை. இதுவும் தற்செயல் அல்ல. நாம் போட்ட நடை ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எடுத்த கோடுகளைக் கழித்தால், மிச்சம் எங்கும் இரட்டைதான் வரும். அதில் நம் நடை ஏற்கெனவே தொட்ட ஒரு புள்ளியில், இங்கே 3-ல், நின்று நடந்தால் 4, 5 போய் 3-க்கே திரும்பி வருவோம். எல்லாம் இரட்டை என்பதால் தொடங்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் மாட்டிக்கொள்ள முடியாது. இந்தச் சுற்றைப் பழைய நடையில் 3 வந்த இடத்தில் செருகிவிடுங்கள். 1, 2, 3, 4, 5, 3, 1, 4, 2. விரலால் போட்டுப் பாருங்கள். எட்டுக் கோடும் வந்துவிட்டன.

பூக்கட்டும்போது நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் முழுச் சரத்தையும் பிரிக்கமாட்டார்கள், அந்த இடத்தில் செருகிவிடுவார்கள். அதே வேலைதான். இன்னும் மிச்சம் இருந்தால் மறுபடி ஒரு சுற்று, மறுபடி செருகல். கோடுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, என்றாவது தீர்ந்துதானே ஆக வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. விட்டுப்போன கோடுகளில் ஏதாவது ஒன்றாவது நம் நடையைத் தொட வேண்டும். படம் ஒட்டாமல் இரண்டு துண்டாகக் கிடந்தால் செருக இடமில்லை. தனித்தனியாக இரண்டு முக்கோணம் போடுங்கள். எல்லாப் புள்ளியும் இரட்டைதான், ஆனால் கையை எடுக்காமல் எப்படித் தாண்டுவது? ஆகவே எண்ணும் முன், படம் ஒரே துண்டா என்று பார்த்துவிட வேண்டும். பேத்தி ஒரு தேர்வில் இதற்குத்தான் மதிப்பெண் இழந்தாளாம். எண்ணிவிட்டு, ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் "முடியும்" என்று எழுதிவிட்டாள்.

இதைப் படிக்கும் பெண்பிள்ளைகள் சிக்குக் கோலத்தை நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். கம்பி கம்பியை வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் நாலு கோடு. எல்லாம் இரட்டை. ஆகவே ஒரே துண்டாக உள்ள எந்தச் சிக்குக் கோலத்தையும், வெட்டும் இடத்தில் இஷ்டப்படி திரும்பலாம் என்றால், ஒரே இழுப்பில் போட்டுவிடலாம். ஆனால் கோலத்தில் அப்படித் திரும்பமாட்டார்களே! வெட்டும் இடத்தில் நேராகத்தான் போக வேண்டும். அந்தக் கட்டுப்பாடு வந்ததும் ஆய்லரின் எண்ணிக்கை உதவாது. ஒரே கம்பியில் முடியும் கோலமும் உண்டு, மூன்று நாலு கம்பி வேண்டிய கோலமும் உண்டு. என் அம்மா எந்தக் கணக்கும் இல்லாமல் பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டுவைக்கவில்லை.

கோனிக்ஸ்பெர்க்காருக்கு ஒரு ஆறுதல் சொல்லி முடிக்கிறேன். ஏழையும் ஒரே முறை கடக்க முடியாது, சரி. ஒரே ஒரு பாலத்தை மட்டும் இரண்டாம் முறை கடக்க அனுமதித்தால்? முடியும். எந்தப் பாலம் என்பதையும் உங்கள் இஷ்டத்துக்கு விடலாம். நாலு நிலமும் ஒற்றை என்பதால், எந்தப் பாலத்தை எடுத்தாலும் அது இரண்டு ஒற்றை நிலங்களைத்தான் இணைக்கும். அதை இன்னொரு முறை கடப்பது, பக்கத்திலேயே புதுப் பாலம் ஒன்று கட்டியது போல. அந்த இரண்டும் இரட்டையாகிவிடும். மிச்சம் இரண்டு ஒற்றை. அதுதான் நமக்கு வேண்டியது.

தேன் பாலத்தை இரு முறை கடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வடகரையில் தொடங்குங்கள். கடைக்காரர் பாலத்தால் தீவு. கொல்லர் பாலத்தால் மறுபடி வடகரை. மரப் பாலத்தால் கிழக்கு நிலம். தேன் பாலத்தால் தீவு. அதே தேன் பாலத்தால் திரும்பக் கிழக்கு. உயரப் பாலத்தால் தென்கரை. பச்சைப் பாலத்தால் தீவு. குடல்கறிப் பாலத்தால் தென்கரை. எட்டுக் கடத்தலில் ஏழு பாலமும் முடிந்தது. கிளம்பிய வீட்டுக்கே திரும்ப வேண்டுமானால் ஒற்றையே இருக்கக்கூடாது, இரண்டு பாலங்களை மறுபடி கடக்க வேண்டும், மொத்தம் ஒன்பது. தெருத் தெருவாகப் போகும் தபால்காரர் குறைந்த நடையில் எப்படிச் சுற்றி வரலாம் என்ற கணக்கை 1960-ல் குவான் மெய்கு என்ற சீனக் கணித அறிஞர் எடுத்துக்கொண்டார். அதன் கருவும் இதுதான், எந்த ஒற்றையை எந்த ஒற்றையோடு ஜோடி சேர்ப்பது.

அந்த ஊர் இப்போது இல்லை என்றே சொல்லலாம். 1944 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டு நகரத்தின் நடுப்பகுதியை எரித்தன. போருக்குப் பின் அது சோவியத் கைக்குப் போய் 1946-ல் கலினின்கிராடு ஆனது. தீவில் வீடுகள் இல்லை. மரங்களுக்கு நடுவே பேராலயமும் அதன் சுவரோரம் கான்ட்டின் கல்லறையும் இருக்கின்றன. கொல்லர் பாலமும் குடல்கறிப் பாலமும் போரில் அழிந்தன. பிறகு கடைக்காரர் பாலமும் பச்சைப் பாலமும் எடுக்கப்பட்டு, தீவின் மேலாகப் போகும் ஒரு நெடுஞ்சாலைப் பாலம் வந்தது. அதிலிருந்து தீவுக்கு இறங்கப் படிகள் உண்டு. ஏழு பாலங்கள் இருந்த இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இப்போது எண்ணினால், தீவுக்கு மூன்று, கிழக்கு நிலத்துக்கு மூன்று, வடகரைக்கு இரண்டு, தென்கரைக்கு இரண்டு. ஒற்றை இரண்டே. அந்தக் காலத்து மனிதர்களுக்குக் கிடைக்காத நடை இன்று கிடைக்கிறது, தீவில் தொடங்கிக் கிழக்கில் முடிக்கலாம். இப்படி ஒரு வழியில் கிடைத்ததை நினைத்து மகிழ முடியவில்லை.

பெஞ்சு மேல் நின்ற அந்த மாணவன் இந்த நட்புப் பட்டியலில் இருக்கிறான். இருக்கிறார் என்று சொல்ல வேண்டும், அவருக்கே ஐம்பதை ஒட்டிய வயது. பெயர் போடவில்லை. படித்தால் அவருக்குத் தெரியும். தம்பி, நீ சொன்னது சரி. அந்தப் பெட்டியைப் போட முடியாது, நீ சொல்ல வந்த காரணமும் சரி. ஹீரோ பேனா ஒன்று வாங்கி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வரும்போது வீட்டுக்கு வா. வந்து, அன்று பாதியில் நிறுத்தினாயே, அந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போ.